வாரத்துக்கு 50 நிமிடம்: சீசன் வேலைக்கு நடுவே தொழில் தொடர்புகளைப் பேணும் முறை

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்பவர்களின் வாரம் கந்தோர்க்காரர்களின் வாரம்போல இருக்காது. ஆறு நாள் வேலை. லீவு செவ்வாயில் வரும், அடுத்த மாதம் வியாழனுக்கு மாறும். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் சீசன் செப்டெம்பர் வரைக்கும் இழுக்கும். மாலைக் கூட்டத்துக்குப் போங்கள், சனிக்கிழமை ஒருவரைத் தேநீருக்கு அழையுங்கள் என்ற வழக்கமான யோசனைகள் இவர்களுக்குப் பொருந்தாது. அந்த நேரத்தில் இவர்கள் வேலையில் நிற்பார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவர் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் கணக்கு உதவியாளர், லீவு செவ்வாய்க்கிழமை. இன்னும் ஒரு வருடத்தில் சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவுக்கோ கொழும்பில் ஒரு கம்பனிக்கோ மாற விரும்புகிறார். வரவேற்பு, சமையல், பராமரிப்பு என்று வேறு பிரிவில் இருப்பவர்கள் ஆட்களையும் திகதிகளையும் மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

பட்டியல்: 24 பெயர், அதற்கு மேல் வேண்டாம்

இந்த வேலை ஒரு தடவைதான், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வட்ஸ்அப்பைத் திறந்து உரையாடல் பட்டியலின் அடிக்குப் போங்கள். மேலே இருப்பவர்களோடு நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவையானவர்கள் கீழே இருக்கிறார்கள்: ஏ.ஏ.ரி கணக்கியல் வகுப்பில் பக்கத்தில் இருந்து படித்தவர், பழைய ஹோட்டலில் ஒன்றாக வேலை செய்து இப்போது கொழும்பில் இருக்கும் அக்கா, கணக்காய்வுக்கு வந்துபோன குழுவில் இருந்தவர், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் உங்களுக்கு மேல் ஆண்டில் படித்தவர்.

ஏன் இவர்கள்? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த வேலை வெற்றிடம் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் ஒரே வட்டத்துக்குள்தானே இருக்கிறீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த அறிமுகத்தை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 வீதம், அரிதாக என்றவர்கள் 27.8 வீதம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவை மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைநிலை உறவுகள்தான் என்று அதுவும் காட்டியது. ஆகவே வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை இவர்களுக்குச் செலவிடுங்கள்.

24 என்ற எண் கணக்குப் பார்த்து வைத்தது. வாரத்துக்கு இரண்டு பேர் என்றால் 12 வாரத்தில் எல்லோரையும் ஒரு சுற்றுத் தொட்டுவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு செய்தி யாருக்கும் தொல்லையாக இருக்காது, உங்கள் பெயரும் மறந்துபோகாது. பட்டியல் 60 பேருக்குப் போனால் ஒரு சுற்றுக்கு 30 வாரம் ஆகும். அதற்குள் ஆள் வேலை மாறியிருப்பார், அது உங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

இப்படிப் பிரியுங்கள். 12 பேர், ஒரு காலத்தில் நன்றாகப் பழகிப் பேச்சு நின்றுபோனவர்கள். 8 பேர், இப்போதைய வேலையில் அவ்வப்போது காண்பவர்கள்: வங்கி உத்தியோகத்தர், பொருள் தரும் கம்பனியின் பிரதிநிதி, கணக்கு மென்பொருளைத் திருத்த வருபவர். மிச்சம் 4 இடத்தை வெறுமையாக விடுங்கள். புதிதாக அறிமுகமாகும் ஆட்கள் வந்து அமர இடம் வேண்டும்.

எழுதும்போது ஒரு சோதனை வையுங்கள். அந்த ஆளைப் பற்றி ஒரு நிஜமான விபரம் நினைவுக்கு வருகிறதா? என்ன படித்தார், எந்த வேலையில் திணறினார், எதைப் பற்றி உற்சாகமாகப் பேசினார் என்று ஏதாவது ஒன்று. எதுவுமே வராவிட்டால் அவர் பெயரை விட்டுவிடுங்கள். அவருக்கு எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது, கடைசியில் "எப்படி இருக்கிறீங்க?" என்று மட்டும் அனுப்புவீர்கள்.

ஐந்து நிரல்

கொப்பியில் எழுதலாம், கூகுள் ஷீட்ஸில் எழுதினால் திகதியைத் தானே கணக்கிட்டுத் தரும். நிரல்கள் ஐந்துதான்: பெயர், இப்போது எங்கே, கடைசியாகத் தொடர்புகொண்ட திகதி, அடுத்த திகதி, ஒரு வரிக் குறிப்பு. நான்காவது நிரலில் இதைப் போடுங்கள். 84 என்பது 12 வாரம்.

```
=C2+84
```

இதைக் கடைசிப் பெயர் வரை கீழே இழுத்துவிட்டு, நான்காவது நிரலின்படி வரிசைப்படுத்துங்கள். திகதியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வரிசைப்படுத்தினால், இந்த வாரம் யாருக்கு எழுதவேண்டும் என்பது மேலே நிற்கும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கடைசித் திகதி பழையதாகத்தான் இருக்கும், அதற்காக ஒரே நாளில் பத்துப் பேருக்கு எழுத இறங்காதீர்கள். பத்துப் பேரும் பதில் போட்டால் அந்த உரையாடல்களைத் தொடர உங்களுக்கு நேரம் இருக்காது. பேச்சைத் தொடக்கிவிட்டு நடுவில் காணாமல்போவது, தொடங்காமல் இருந்ததைவிடக் கெடுதல்.

ஐந்தாவது நிரல்தான் முக்கியம். "மார்ச்சில் சி.ஏ. சோதனை எழுதுகிறார்", "புது மென்பொருளுக்கு மாறுகிறார்கள்", "அம்மாவுக்குச் சத்திர சிகிச்சை" என்று அடுத்த தடவை கேட்கக்கூடிய ஒன்றை மட்டும் எழுதுங்கள். இந்த வரி காலியாக இருந்தால் அடுத்த செய்தி எழுத அரை மணி நேரம் பிடிக்கும், இருந்தால் மூன்று நிமிடம். தாளை ஹோட்டல் கணினியிலோ வேலைக்குத் தந்த மின்னஞ்சல் கணக்கிலோ வைக்காதீர்கள். வேலையை விட்ட அன்றே அது உங்கள் கையைவிட்டுப் போகும்.

வாரம் எப்படி ஓடும்

நேரத்தைக் குறித்து அலாரம் வைப்பது சீசனில் பலிக்காது. இரவு எட்டு மணிக்கு வைத்தால், எட்டு மணிக்கு உங்கள் முன்னால் ஒரு பில் தகராறு நிற்கும். மணி மாறினாலும் வாரத்தில் தவறாமல் நடக்கும் நிகழ்வுகள் சில உண்டு, அவற்றோடு முடிச்சுப் போடுங்கள். நம் கணக்கு உதவியாளருக்கு அவை இப்படி அமையும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நகருக்குப் பஸ் ஏறியதும்: 15 நிமிடம். தாளின் மேல் இரண்டு பெயரைப் பாருங்கள், ஒருவருக்குச் செய்தியை எழுதி முடியுங்கள். இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தால் அனுப்பாமல் வையுங்கள்.

செவ்வாய் காலைத் தேநீரோடு: 10 நிமிடம். எழுதி வைத்ததை ஒருமுறை வாசித்து அனுப்புங்கள், இரண்டாவது ஆளுக்கும் எழுதுங்கள்.

செவ்வாய் பகல்: 20 நிமிடம். ஒரு வாரம் தொலைபேசியில் ஓர் உரையாடல், மற்ற வாரம் வெளியுலகத்தைப் பார்ப்பது. அதாவது யார் பதவி மாறினார்கள், எந்த நிறுவனம் வெற்றிடம் போட்டிருக்கிறது, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் புதிதாக என்ன அறிவித்திருக்கிறது என்று பார்த்து, அதில் யாருக்கு எது பயன்படும் என்று குறிப்பது.

புதன் காலை பஸ்ஸில்: 5 நிமிடம். வந்த பதில்களைப் பார்த்துத் திகதியையும் ஒரு வரியையும் தாளில் பதியுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரு மாதத்தில் தாள் பொய் சொல்லத் தொடங்கும். பலருடைய ஒழுங்கு முறிவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

கூட்டினால் 50 நிமிடம். லீவு நாள் மாறினால் "திங்கள்" இருந்த இடத்தில் "லீவுக்கு முதல் நாள்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது

பேச்சு நின்றுபோன ஒருவருக்கு முதல் செய்தியில் மூன்று விடயம் போதும்: அவரை நினைக்க வைத்தது எது, உங்களைப் பற்றி ஒரு வரி, இலகுவாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. உதவி எதுவும் கேட்கக்கூடாது.

"வணக்கம் அண்ணா. இண்டைக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஒண்டு செய்யேக்க நீங்கள் வகுப்பில சொல்லித்தந்த முறைதான் ஞாபகம் வந்தது. நான் இப்ப நிலாவெளியில ஒரு ஹோட்டலில கணக்குப் பகுதியில இருக்கிறன். நீங்கள் இன்னும் அந்தத் தொழிற்சாலையிலதானோ?"

இதற்கு அவர் ஒரு சொல்லில் பதில் போடலாம். போட்டபின் பேச்சு தானாக வளரும். "அண்ணா, உங்கட இடத்தில ஏதும் வேலை இருக்கோ?" என்று தொடங்கியிருந்தால், இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டு அவர் பதிலே போடாமல் விட்டிருப்பார். மூன்று வருடம் பேசாதவரை முதல் வரியிலேயே கடன்பட வைத்ததுபோல ஆகிவிடும்.

இரண்டாவது வகைச் செய்தி, பயன் தரும் ஒன்றை அனுப்புவது. ஒருவருக்கு என்று தெரிவுசெய்து, ஏன் அவருக்கு என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: "அக்கா, உங்கட தங்கச்சி பயிற்சிக்கு இடம் தேடுறா எண்டு போன முறை சொன்னீங்கள். இதில முடிவுத் திகதி 28." அதே விளம்பரத்தை எட்டுப் பேருக்குத் தள்ளிவிட்டால் அது தொடர்பாகவே கணக்கில் வராது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வருடப்பிறப்புக்கும் வரும் பூப்படங்களும் அப்படித்தான், வாங்கியவர் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. பண்டிகைக்கு வாழ்த்த விரும்பினால் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அது செய்தி, தாளில் பதியலாம்.

மொழி விடயத்தில் ஒரு கவனம் வேண்டும். திருகோணமலையில் ஒரு பட்டியலில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருப்பது சாதாரணம். கடைசியாக அந்த ஆளோடு எந்த மொழியில் பேசினீர்களோ அதிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் பேசத் தெரிந்து எழுதத் தெரியாதென்றால், அரை நிமிடக் குரல் செய்தி ஒன்று எளிய வழி. வயதிலும் பதவியிலும் மூத்தவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பாதீர்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்திலும், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்திலும் முஸ்லிம் நண்பர்களை அழைக்க வேண்டாம். கணக்குத் துறையினருக்கு மாதத்தின் முதல் வாரமும், வற் வரி கட்டும் 20ஆம் திகதிக்கு முந்திய நாட்களும் நெருக்கடி. வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள் என்பதால், கணக்காய்வாளர்களை அந்த மாதத்தில் தொடாமல் டிசம்பருக்குத் தள்ளுங்கள்.

ஒரு தொடர்பு எப்படி நகரும்: பத்து வாரம்

மேலே செய்தி அனுப்பிய அந்த அண்ணாவையே எடுத்துக்கொள்வோம்.

1ஆம் வாரம் செய்தி போகிறது. அன்று மாலை பதில் வருகிறது: "ஓம் தம்பி, இஞ்சதான். இப்ப களஞ்சியக் கணக்கும் என்ர தலையிலதான்." புதன் காலை தாளில் ஒரு வரி: களஞ்சியக் கணக்கும் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றே பேச்சை இழுத்துக்கொண்டு போகவில்லை.

3ஆம் வாரம், வெளியுலகத்தைப் பார்க்கும் இருபது நிமிடத்தில், கையிருப்புக் கணக்கெடுப்புக்கு ஒரு நல்ல விளக்கக் காணொளி கண்ணில் படுகிறது. 84 நாள் ஆகவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. பொருத்தமான காரணம் கையில் கிடைத்தால் திகதியை முந்தலாம். "களஞ்சியக் கணக்கு எண்டு சொன்னீங்கள், இதில 6ஆவது நிமிசத்தில இருந்து பாருங்கோ" என்று அனுப்புகிறார். எந்த நிமிடம் என்று சொன்னது அண்ணாவின் நேரத்தை மதித்தது.

7ஆம் வாரம்தான் கேள்வி வருகிறது. அதிலும் வேலை கேட்கவில்லை, தகவல்தான் கேட்கிறார்: "அண்ணா, ஹோட்டல் கணக்கில இருந்து தொழிற்சாலைக் கணக்குக்கு மாறுறதெண்டால் என்ன படிச்சு வைக்கவேணும் எண்டு உங்களிட்டக் கேக்கவேணும். வாற செவ்வாய் இல்லாட்டி அதுக்கடுத்த செவ்வாய், 15 நிமிசம் எடுத்துக் கதைக்கலாமோ?" இரண்டு நாள் கொடுத்தார், எவ்வளவு நேரம் என்று சொன்னார், எதைப் பற்றி என்றும் சொன்னார். அண்ணாவுக்குச் சம்மதிப்பது சுலபம்.

8ஆம் வாரம் அழைப்பு. எழுதி வைத்த மூன்று கேள்விகள்: உற்பத்திச் செலவுக் கணக்கில் தினமும் உண்மையில் என்ன செய்வீர்கள்? புதிதாக வருபவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்? இதைப் பற்றி இன்னும் யாரோடு பேசினால் நல்லது? மூன்றாவது கேள்வியால்தான் வெறுமையாக விட்ட நாலு இடங்களில் ஒன்று நிரம்புகிறது. பதினைந்தாவது நிமிடத்தில் "அண்ணா, சொன்ன நேரம் ஆயிற்று" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் விரும்பினால் தொடர்வார்.

10ஆம் வாரம்: "நீங்கள் சொன்ன மாதிரி செலவுக் கணக்குப் பாடத்தை எடுத்துப் பாத்தன். நீங்கள் சொன்ன அந்த மேடத்தோடையும் கதைச்சன், நல்லா விளங்கப்படுத்தினவ." இந்தச் செய்தியைப் பலர் அனுப்புவதில்லை. யோசனை சொன்னவருக்குத் தன் வார்த்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவேண்டும். தெரிந்தால் அடுத்த வெற்றிடம் வரும்போது உங்கள் பெயர் முதலில் நினைவுக்கு வரும். அறிமுகம் செய்துவைத்தவரின் பெயரைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறீர்கள்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் விடுங்கள். பிறகு வேறு விடயத்தோடு ஒரு செய்தி. "முந்தின மெசேஜ் பாத்தீங்களோ?" என்று கேட்காதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 84 நாளுக்குத் தள்ளுங்கள். இரண்டு சுற்று முழுவதும் மௌனம் என்றால் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைச் சேருங்கள். நீலக் கோடு விழுந்தும் பதில் இல்லை என்பது கோபத்தின் அடையாளம் ஆகாது. சீசனில் உங்களுக்கு வந்த செய்திகளில் எத்தனை அப்படியே கிடக்கின்றன என்று பாருங்கள்.

ஆனால் நாலைந்து பேரிடமிருந்து தொடர்ந்து பதில் இல்லையென்றால் கோளாறு உங்கள் செய்தியில் இருக்கிறது. அனுப்பியவற்றை எடுத்து வரிசையாக வாசியுங்கள். அநேகமாக ஒன்றில் கேள்வி இருக்காது, அல்லது கேள்வி பதில் சொல்ல முடியாத அளவு பெரிதாக இருக்கும். "வாழ்க்கை எப்படிப் போகுது?" என்பதற்குப் பதில் எழுத எவருக்கும் நேரமில்லை.

சிறிய ஊரின் ஆபத்து

திருகோணமலையில் ஹோட்டல் முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், பொருள் கொண்டுவரும் பிரதிநிதி ஒரே நாளில் பத்து ஹோட்டலுக்குப் போவார். "வேலை மாறப்போறன்" என்ற வரியை எழுத்தில் யாருக்கும் அனுப்பாதீர்கள், அது படமாக எடுக்கப்பட்டு ஒரு மணி நேரத்தில் உங்கள் மேலாளரிடம் வந்து நிற்கலாம். அதைத் தொலைபேசியிலோ நேரிலோ, நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஹோட்டலின் அறை நிரம்பல், விற்பனைத் தொகை, மற்றவர்களின் சம்பளம் ஆகியவற்றை எவ்வளவு நெருக்கமானவரிடமும் சொல்லக்கூடாது. கணக்கில் வேலை செய்பவர் ஒருவர் எண்களை வெளியில் சொல்கிறார் என்ற பெயர் வந்துவிட்டால், கேட்டு ரசித்தவரே அவரைத் தன் நிறுவனத்தில் சேர்க்கத் தயங்குவார்.

சீசனில் குறைப்பது, மாரியில் கூட்டுவது

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை ஏறக்குறைய 20 வாரம். அந்த வாரங்களில் ஒரு செய்தியும் புதன்கிழமைப் பதிவும் மட்டும், 15 நிமிடம். அழைப்பும் வெளியுலகம் பார்ப்பதும் நிற்கட்டும். இதை முன்கூட்டியே முடிவுசெய்து தாளின் மேல் எழுதிவிடுங்கள். முடிவுசெய்யாமல் விட்டால் ஜூலையில் மூன்று வாரம் தவறும், பிறகு வெட்கத்தில் தாளைத் திறக்கவே மனம் வராது. கணக்கைப் பாருங்கள்: 20 வாரத்தில் 20 செய்தி, மிச்ச 32 வாரத்தில் 64, மொத்தம் 84. 24 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வரும். சீசனில் பாதியாகக் குறைத்தும் எவரும் விடுபடவில்லை.

தவறிய வாரத்தை அடுத்த வாரத்தில் ஈடுசெய்ய முயலாதீர்கள். தாளின் மேல் நிற்கும் பெயரிலிருந்து தொடருங்கள், ஒழுங்கு தானே சரியாகும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் ஹோட்டல்கள் அமைதியாகும். நேரில் சந்திக்க நவம்பர் முதல் ஜனவரி வரை தோதான காலம். மாதத்தில் ஒருவரை, அவருடைய வேலைத்தளத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், 40 நிமிடம் சந்தியுங்கள். அரச கந்தோர்க்காரர் என்றால் போயா தினம் வசதி, அன்று அவருக்கும் லீவு. கொழும்பில் இருப்பவர்களை அங்கு போய்ப் பார்க்கத் தேவையில்லை. அவர்கள் பொங்கலுக்கோ நத்தாருக்கோ ஊருக்கு வரும்போது பிடிக்கலாம், அதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். வந்து இறங்கியபின் கேட்டால் சொந்தக்காரர் வீடுகளுக்கே அவர்களுக்கு நாள் போதாது.

ஜனவரிக் கடைசியில் ஒரு மணி நேரம் எடுத்துத் தாளைச் சலியுங்கள். "இப்போது எங்கே" நிரலில் பழையதாகிப்போனவற்றைத் திருத்துங்கள். 24 பேரும் ஹோட்டல்காரர்களாக மாறிவிட்டார்களா என்று பாருங்கள், அன்றாடம் காண்பவர்களே பட்டியலுக்குள் நுழைவதால் இது தானாகவே நடக்கும். போக விரும்பும் துறையில் குறைந்தது எட்டுப் பேராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மூன்று அழைப்புகளிலும் "இன்னும் யாரோடு பேசினால் நல்லது?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.